செக் பாஸ் ஆன அன்று ஸ்வீப் டெபாசிட்டில் எவ்வளவு உடைந்தது, வட்டி சரிதானா?

"அண்ணே, என் எஸ்பி கணக்கோடு 3 லட்சம் ஸ்வீப் டெபாசிட்டாக இணைத்திருந்தேன். கானாடுகாத்தான் வீட்டு வேலைக்காக 1,85,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தேன். எஸ்பியில் 42,300தான் இருந்தது, ஆனாலும் செக் பாஸ் ஆகிவிட்டது. டெபாசிட்டில் எவ்வளவு தானாக உடைந்தது, எந்த டெபாசிட் உடைந்தது என்று எப்படிப் பார்ப்பது? 6.5 சதவீதம் என்று சொன்ன வட்டி வரவில்லை போலத் தெரிகிறதே? ஸ்டேட்மென்டும் ரசீதும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்."

தம்பி, படங்களைப் பார்த்தேன். தானாக உடைவது ஒழுங்காக நடந்திருக்கிறது. வட்டியும் என் கணக்குக்கு ஒத்துவருகிறது. ஆனால் அது 6.5க்கான வட்டி இல்லை, இருக்கவும் முடியாது. ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன். அடுத்த மாதம் ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு இன்னொரு செக் கொடுப்பீர்கள், அப்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் வட்டிக்கடை நடத்திய காலத்தில் கேட்டபோது எடுக்கக்கூடிய பணத்துக்கு நடப்பு என்றும், இத்தனை மாதம் என்று பேசிப் போட்ட பணத்துக்குத் தவணை என்றும் பெயர். இரண்டுக்கும் வட்டி வேறு. ஸ்வீப் டெபாசிட்டும் தவணைப் பணம்தான், தேவைப்பட்டால் நடப்பு போல எடுத்துக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு. எடுத்த பங்குக்குத் தவணை வட்டி கிடையாது, எடுக்காத பங்குக்கு மட்டும் தவணை வட்டி தொடரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஸ்டேட்மென்ட் பாதி புரிந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியது, பாஸ்புக்கை மூடிவைப்பது. பாஸ்புக்கில் பல வரிகளைச் சேர்த்து ஒரே வரியாக அச்சடித்துவிடுவதுண்டு. செக் பாஸ் ஆன ஒரே ஒரு நாளுக்கு, அதாவது 20.01.2026க்கு மட்டும், நெட் பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட் எடுங்கள். உங்கள் படத்தில் அன்றைய தேதியில் ஐந்து வரிகள் இருக்கின்றன. வரவாக 1,00,000. வரவாக 1,726. வரவாக 43,000. வரவாக 1,510. கடைசியாகப் பற்றாக 1,85,000. நாள் முடிவில் இருப்பு 3,536. விவரம் என்ற பத்தியில் வரவு வரிகளில் SWEEP என்று வந்திருக்கிறது. சில வங்கிகளில் FD, TD, INT என்று வேறு சுருக்கங்கள் வரும். வார்த்தை எதுவாக இருந்தாலும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் டெபாசிட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எந்த ரசீது உடைந்தது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

இப்போது உடைந்த தொகை சரியா என்று பாருங்கள். செக் 1,85,000. கணக்கில் இருந்தது 42,300. குறைந்தது 1,42,700. ஆனால் உடைந்தது 1,43,000. அந்த 300 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். உங்கள் வங்கி ஆயிரம் ரூபாய்ப் பங்காக உடைக்கிறது. 142 ஆயிரம் போதாது, 143வது ஆயிரம் முழுதாக உடைந்தாக வேண்டும். சில வங்கிகள் ஒரு ரூபாய்ப் பங்காகவே உடைக்கும், அங்கே என்றால் 1,42,700 மட்டுமே வந்திருக்கும். இன்னும் சில இடங்களில் எஸ்பியின் குறைந்தபட்ச இருப்பைத் தொடாமல் விட்டுவிட்டு உடைக்கும் ஏற்பாடு இருக்கும், அங்கே உடையும் தொகை அந்த அளவுக்குக் கூடும். ஆகவே உடைந்த தொகை உங்கள் கணக்கோடு சில நூறு ரூபாய் ஒத்துவராவிட்டால் உடனே தவறு என்று முடிவுகட்டாதீர்கள். டெபாசிட் போட்டபோது கொடுத்த நிபந்தனைத் தாளில் பங்கு எவ்வளவு என்று பாருங்கள், விடை அங்கே இருக்கும்.

எந்த டெபாசிட் உடைந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. உங்களிடம் இருந்த 3 லட்சம் ஒரே ரசீது இல்லை. 03.06.2025 அன்று போட்ட 2 லட்சம் ஒன்று, ஒரு வருடம், 6.5 சதவீதம். 02.09.2025 அன்று போட்ட 1 லட்சம் இன்னொன்று, அதுவும் ஒரு வருடம், ஆனால் 6.25 சதவீதம். ஆக, இரண்டுக்குமே 6.5 என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்ததே முதல் சறுக்கல். அந்த வருடம் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தைப் பலமுறை குறைத்தது. பிப்ரவரியில் 6.5 ஆக இருந்தது டிசம்பரில் 5.25க்கு வந்துவிட்டது. ஜூன் 6 அன்று மட்டுமே அரை சதவீதம் குறைந்தது. உங்கள் முதல் டெபாசிட் அதற்கு மூன்று நாள் முந்திவிட்டது, அதனால்தான் அதற்கு நல்ல வட்டி. இரண்டாவது அதற்கு அப்புறம் வந்தது. இந்தத் தேதி வித்தியாசம் பின்னால் வட்டிக் கணக்கிலும் வரப்போகிறது.

ஸ்டேட்மென்ட்டில் முதல் வரவு 1,00,000, செப்டம்பர் ரசீதின் எண்ணோடு. அது முழுதாக உடைந்து மூடிவிட்டது. போதாத 43,000 ஜூன் ரசீதிலிருந்து வந்திருக்கிறது. அதாவது கடைசியாகப் போட்டது முதலில் உடைகிறது. பெரும்பாலான வங்கிகளில் எழுதிக் கொடுக்காவிட்டால் இந்த வரிசைதான். சில வங்கிகளில், முதலில் போட்டதை முதலில் உடைக்கச் சொல்லி நாமே தேர்வு செய்யலாம். கடைசியாகப் போட்டது முதலில் உடைவதில் ஒரு நியாயம் இருக்கிறது, பழைய டெபாசிட் முதிர்வை நெருங்கிவிட்டதால் அதைக் காப்பாற்றுவது லாபம். ஆனால் நேற்று போட்ட பணம் இன்று உடைந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன், அதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

வட்டிக்கு வருவோம். டெபாசிட் முதிர்வுக்கு முன் உடைந்தால், பேசிய வட்டி கிடைக்காது. பணம் உண்மையில் எத்தனை நாள் வங்கியில் இருந்ததோ, அத்தனை நாளுக்கு என்ன விகிதமோ, அதுதான் கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் விதியே அப்படித்தான் சொல்கிறது. அதற்கு மேல் அபராதம் எவ்வளவு என்பதை வங்கி தானே முடிவு செய்யலாம், ஆனால் டெபாசிட் போடும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் நிபந்தனைத் தாளில் அரை சதவீதம் என்று இருக்கிறது.

இங்கே பத்தில் எட்டுப் பேர் செய்யும் தவறு, 6.25லிருந்து அரையைக் கழித்து 5.75 என்று போடுவது. அப்படிப் போட்டால் செப்டம்பர் டெபாசிட்டுக்கு 2,205 ரூபாய் வர வேண்டும், வந்தது 1,726. உடனே வங்கி ஏமாற்றிவிட்டது என்று தோன்றும். உண்மையில் அரை சதவீதத்தைக் கழிக்க வேண்டியது ஒரு வருட விகிதத்திலிருந்து இல்லை, ஓடிய நாட்களுக்கான விகிதத்திலிருந்து.

முதலில் நாட்களை எண்ணுங்கள். செப்டம்பர் 2 முதல் ஜனவரி 20 வரை 140 நாள். போட்ட நாளைச் சேர்த்து, எடுத்த நாளை விட்டு எண்ண வேண்டும். 02.09.2025 அன்று உங்கள் வங்கியில் நடப்பில் இருந்த வட்டி அட்டவணையில் 46 நாள் முதல் 179 நாள் வரைக்கு 5 சதவீதம் என்று இருக்கிறது. அதில் அரை போனால் 4.5. ஆறு மாதத்துக்குக் குறைவான காலத்துக்குப் பெரும்பாலும் தனிவட்டிதான் போடுவார்கள். ஆகவே:

```
100000 × 4.5 × 140 ÷ 36500 = 1726.03
```

ஸ்டேட்மென்ட்டில் 1,726. ரூபாய்க்கு ரூபாய் ஒத்துவந்துவிட்டது.

ஜூன் டெபாசிட்டில் உடைந்தது 43,000 மட்டும். ஜூன் 3 முதல் ஜனவரி 20 வரை 231 நாள். 03.06.2025 அட்டவணையில் 180 நாள் முதல் ஒரு வருடத்துக்குள் 6 சதவீதம். அரை போக 5.5. இது ஆறு மாதம் தாண்டிவிட்டதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும் கூட்டு வட்டி. செப்டம்பர் 3, டிசம்பர் 3 என்று இரண்டு காலாண்டு முழுதாக முடிந்துவிட்டது, அப்புறம் மிச்சம் 48 நாள். ஒரு காலாண்டுக்கு 5.5ல் கால் பங்கு, அதாவது 1.375 சதவீதம்:

```
43000 × 1.01375 × 1.01375 = 44190.63
44190.63 × 5.5 × 48 ÷ 36500 = 319.63
44190.63 + 319.63 − 43000 = 1510.26
```

இதுவும் ஒத்துவருகிறது. கூட்டு வட்டி போட அலுப்பாக இருந்தால் தனிவட்டியாகவே போட்டுப் பாருங்கள், 1,497 வரும். வித்தியாசம் 13 ரூபாய்தான். காலாண்டை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும், அதனாலும் சில ரூபாய் ஏறி இறங்கும். என் பழக்கம் என்னவென்றால், தனிவட்டியாகப் போட்ட கணக்குக்கும் வந்த தொகைக்கும் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்குள் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுவேன். அதைத் தாண்டினால் காரணம் தேடுவேன்.

அப்படிக் காரணம் தேட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது அட்டவணையின் தேதி. ஓடிய நாட்களுக்கான விகிதம் என்றால், டெபாசிட் போட்ட நாளில் அந்தக் கால அளவுக்கு என்ன விகிதம் இருந்ததோ அது. உடைந்த நாளின் விகிதம் இல்லை. நீங்கள் ஜனவரியில் வங்கியின் இணையதளத்தைத் திறந்தால் புதிய, குறைந்த அட்டவணைதான் முன்னால் வரும். உதாரணத்துக்கு அதில் 180 நாளுக்கு மேல் 5.5 என்று இருந்தால், அரை போக 5 சதவீதத்தில் உங்கள் 43,000க்கு 1,372 ரூபாய் வரும். வங்கி கொடுத்தது 1,510. அடடா, கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவீர்கள். மாறாக வட்டி ஏறுகிற காலத்தில் இதே தவறைச் செய்தால், குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று கிளையில் போய்ச் சண்டை போடுவீர்கள். இரண்டுமே வீண். பழைய அட்டவணைகளைப் பல வங்கிகள் இணையதளத்திலேயே தேதிவாரியாக வைத்திருக்கின்றன. இல்லாவிட்டால் கிளையில் கேட்டால் அச்செடுத்துக் கொடுப்பார்கள். டெபாசிட் போடும் அன்றே அந்த அட்டவணையைப் படம் எடுத்து ரசீதோடு வைத்துவிடுவது இன்னும் சுலபம். நான் தேவகோட்டைக் கிளையில் இருந்தபோது ஒரு ஆச்சி இதைத்தான் செய்வார்கள், ரசீதுக்குப் பின்பக்கமே விகிதங்களைப் பென்சிலில் எழுதி வைத்திருப்பார்கள். அவர்கள் கவுன்ட்டருக்கு வந்தால் நாங்கள் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்ப்போம்.

இப்போது மீதியைப் பாருங்கள், உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். ஜூன் டெபாசிட்டில் 1,57,000 இன்னும் இருக்கிறது. அதற்கு எதுவும் ஆகியிருக்கக் கூடாது. அதே ரசீது எண், அதே 03.06.2025 தொடக்கத் தேதி, அதே 6.5 சதவீதம், அதே 03.06.2026 முதிர்வு. டெபாசிட் விவரப் பக்கத்தைத் திறந்து இந்த நான்கையும் பாருங்கள். அசலும் முதிர்வுத் தொகையும் மட்டும்தான் குறைந்திருக்க வேண்டும். உங்கள் படத்தில் நான்கும் சரியாக இருக்கின்றன.

இது ஏன் முக்கியம் என்றால், தானாக உடைவதில் மிஷின் இந்தத் தவறைச் செய்வது அபூர்வம், கவுன்ட்டரில் கையால் உடைக்கும்போதுதான் நடக்கும். ஒரு பங்கை மட்டும் உடைக்கச் சொன்னால், முழு டெபாசிட்டையும் மூடிவிட்டு, மிச்சப் பணத்துக்கு அன்றைய தேதியில் புது டெபாசிட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பார்ப்பதற்கு மிச்சம் அதே தொகைதான், ஆனால் ரசீது எண் புதிது, தேதி புதிது, விகிதம் அன்றைய குறைந்த விகிதம். அதோடு முழு 2 லட்சத்துக்கும் அபராதம் விழுந்திருக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்டேட்மென்ட்டில் 43,000 வரவுக்குப் பதிலாக 2,00,000 வரவும், அதே நாளில் 1,57,000 பற்றும் இருக்கும். அப்படி இருந்தால் அன்றே போய்ச் சொல்லுங்கள். அதே நாளில் திருத்துவது அவர்களுக்குச் சுலபம், வாரம் கடந்தால் மேலதிகாரி அனுமதி, தலைமை அலுவலகம் என்று இழுக்கும்.

இன்னொரு காட்சி உங்களுக்கு இல்லை, ஆனால் உங்கள் அப்பச்சி பெயரில் போடும்போது வரலாம். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஸ்பிக்கு அனுப்பச் சொல்லி வைத்திருந்தால், உடைக்கும்போது வரும் அசல் குறைந்து தெரியும். 43,000 உடைந்தது, வரவானது 42,900 சொச்சம் என்பது போல. அசலிலேயே கை வைத்துவிட்டார்கள் என்று பயந்துவிடுவார்கள். நடந்தது என்னவென்றால், முன்பே 6.5 சதவீதத்தில் காலாண்டு வட்டி கொடுத்தாயிற்று. இப்போது உடைந்த பங்குக்கு 5.5தான் என்று ஆகிவிட்டது. ஏற்கனவே கூடுதலாகக் கொடுத்ததைக் கணக்கிட்டு, கடைசிச் சில நாட்களின் வட்டியில் கழித்து, அதுவும் போதாவிட்டால் அசலில் பிடித்துக்கொள்வார்கள். கடைசிக் காலாண்டு வட்டி வந்து ஓரிரு வாரத்துக்குள் உடைந்தால் இது கட்டாயம் கண்ணில் படும். இதைச் சரிபார்க்க, அந்த டெபாசிட்டிலிருந்து இதுவரை வந்த எல்லா வட்டியிலும் உடைந்த பங்குக்கு உரியதைக் கூட்டுங்கள், அதோடு இப்போது வந்த வட்டியைச் சேர்த்து, பிடித்ததைக் கழியுங்கள். விடை மேலே போட்ட தனிவட்டிக் கணக்குக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சரி, ஏழு நாள் விஷயம். டெபாசிட்டின் குறைந்தபட்சக் காலம் ஏழு நாள். அதற்குள் உடைந்தால் வட்டி ஒரு பைசா கிடையாது. உங்கள் கணக்கில் எஸ்பியிலிருந்து டெபாசிட்டுக்குப் பணம் தானாகப் போகும் வசதி இல்லை, டெபாசிட்டிலிருந்து எஸ்பிக்கு வருவது மட்டும்தான். அது உங்களுக்கு நல்லது. ஏனென்றால் இரண்டு பக்கமும் தானாக ஓடும் கணக்கில் என்ன நடக்கிறது பாருங்கள். எஸ்பியில் வரம்புக்கு மேல் 60,000 சேர்ந்தால் அது டெபாசிட்டாகிவிடும். நான்காம் நாள் கொத்தனார் சம்பளத்துக்கு 60,000 எடுத்தால் அதே டெபாசிட் உடையும், கடைசியாகப் போட்டது முதலில் என்ற வரிசைப்படி. டெபாசிட் வட்டி இல்லை. அந்த நான்கு நாளும் பணம் எஸ்பியிலும் இல்லாததால் எஸ்பி வட்டியும் இல்லை. எஸ்பி வட்டி 2010 ஏப்ரலிலிருந்து தினசரி இருப்பின் மேல்தான் கணக்கு, ஆகவே எஸ்பியிலேயே விட்டிருந்தால் நான்கு நாள் வட்டியாவது வந்திருக்கும். ஒரு தடவை என்றால் பத்து, இருபது ரூபாய், போகட்டும். மாதம் ஐந்தாறு தடவை போவதும் வருவதுமாக இருக்கும் கடைக்காரர் கணக்கில் இது வருடம் முழுவதும் நடக்கும், அவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்டேட்மென்ட்டில் இதற்கு அடையாளம், SWEEP என்று அசல் மட்டும் வரவாகி, பின்னாலேயே வட்டி வரி வராமல் இருப்பது. அப்படி வட்டி இல்லாத வரவுகளை மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் எண்ணிப் பாருங்கள். நாலைந்துக்கு மேல் இருந்தால் தானாகப் போகும் வரம்பை உயர்த்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார்களே, இதற்கு எஸ்பியிலேயே போட்டிருக்கலாமே என்று உங்கள் கேள்விக்குள் ஒரு முனகல் கேட்கிறது. கணக்கே சொல்லட்டும். செப்டம்பரில் போட்ட 1 லட்சம் 2.5 சதவீத எஸ்பி வட்டியில் 140 நாள் கிடந்திருந்தால் 959 ரூபாய். ஒரு வருடம் வரை தொடாமல் இருந்திருந்தால் அதே 140 நாளின் பங்கு 2,397. உடைந்து வந்தது 1,726. நடுவில் நிற்கிறது. ஸ்வீப்பில் போடும் பணத்துக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. ஆனால் வீட்டு வேலைக்கு மூன்று மாதத்தில் செலவாகும் என்று தெரிந்த பணத்தை ஒரு வருடத்துக்குப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதை 90 நாள் டெபாசிட்டாகப் போட்டிருந்தால் அந்தக் கால அளவுக்கான முழு 5 சதவீதம் அபராதமில்லாமல் வந்திருக்கும். சுண்ணாம்பு பூசுகிறவர் சொன்ன தேதியில் வேலையை முடிக்கமாட்டார் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் ஓரளவு மதிப்பிடலாம்.

வரி பற்றி ஒரு வரி. உடைந்த பங்கின் வட்டியும் டெபாசிட் வட்டிதான், எஸ்பி வட்டி இல்லை, எஸ்பி கணக்கில் வந்து விழுந்தாலும் அப்படித்தான். ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டில் டெபாசிட் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் பிடிப்பார்கள், மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். உங்களுக்கு அந்த அளவு இல்லை. அளவு தாண்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, மார்ச் 31 அன்று முழு விகிதத்தில் கணக்கு வைத்து டிடிஎஸ் பிடித்திருப்பார்கள், ஏப்ரலில் உடைந்தால் வட்டி குறைந்துவிடும், பிடித்த டிடிஎஸ் குறையாது. அதை ரிட்டர்னில்தான் சரிசெய்ய வேண்டும்.

தானாக உடையாமலே போவதும் உண்டு. என் வீட்டிலேயே நடந்தது. என் மனைவி கணக்கில் ஸ்வீப் டெபாசிட் முதிர்ந்து தானாகப் புதுப்பித்துக்கொண்டது. புது ரசீதில் எஸ்பியோடு இருந்த இணைப்பு மட்டும் தொடரவில்லை. நாங்கள் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பிவந்தது, டெபாசிட்டில் நாலு லட்சம் சும்மா உட்கார்ந்திருக்க. திரும்பிய கட்டணம் ஒரு பக்கம், மண்டபக்காரர் முகம் ஒரு பக்கம். வங்கியில் பணிபுரிந்தவன் வீட்டில் இது நடந்ததால் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். டெபாசிட்டின் மேல் கடன் வாங்கியிருந்தாலும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. எஸ்பி உங்கள் பெயரிலும் டெபாசிட் வேறு பெயர் வரிசையிலும் இருந்தாலும் இணைப்பில் சிக்கல் வரும். முன்பெல்லாம் செக் கிளியரிங்குக்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது, பணம் இல்லை என்று தெரிந்தால் ஓடிப்போய் டெபாசிட்டை உடைத்துவிடலாம். 2025 அக்டோபர் 4 முதல் செக்குகளை நாள் முழுக்கத் தொடர்ந்து கிளியர் செய்கிறார்கள், காலையில் போட்ட செக் அன்றைக்கே உங்கள் கணக்கில் வந்து நிற்கிறது. ஓட நேரமில்லை.

அதனால் பெரிய செக் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். எஸ்பியில் இருப்பதைவிட 500 ரூபாய் கூடுதலாக உங்கள் வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். இணைப்பு உயிரோடு இருந்தால் ஒரு பங்கு, அதாவது 1,000 ரூபாய், உடைந்து பணம் போய்விடும். இல்லாவிட்டால் இருப்பு போதவில்லை என்று வரும், அப்போது கிளைக்குப் போகலாம். இந்தச் சோதனையின் செலவு என்னவென்றால், அந்த ஆயிரம் ரூபாயின் வட்டிக் குறைவு, பத்து ரூபாய்க்கு உள்ளே. ஒரு டீ விலை.

கணக்கு ஒத்துவராமல் கிளைக்குப் போவதாக இருந்தால், "வட்டி குறைவாக வந்திருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், "சிஸ்டம் போட்டது சார்" என்று பதில் வந்துவிடும். ரசீது எண், உடைந்த தேதி, உடைந்த தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, எத்தனை நாள் எடுத்தார்கள், எந்தத் தேதி அட்டவணையில் எந்த விகிதம் எடுத்தார்கள், அபராதம் எவ்வளவு கழித்தார்கள் என்று மூன்று கேள்வியை மட்டும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் ஒன்றில்தான் தவறு இருக்க முடியும், பதில் எழுதும்போதே அவர்களுக்கும் அது தெரிந்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனுக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் போடலாம், கட்டணம் இல்லை.

உங்கள் விஷயத்தில் அதற்கெல்லாம் தேவையில்லை. ஜூன் 3 அன்று அந்த 1,57,000 முதிர்கிறது. தானாகப் புதுப்பிக்கச் சொல்லி வைத்திருப்பதாக ரசீதில் இருக்கிறது. ஜூன் 4 காலையில் புது ரசீதைத் திறந்து இணைப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் ஓடு வேய்கிறவருக்குச் செக் எழுதுங்கள்.